சந்தின் தடிமனும் பிளாக்கின் துல்லியமும்: ஏஏசி சுவரில் ஒட்டுக்கலவையும் சிமெண்ட் கலவையும் – ஓர் ஒப்பாய்வு

1. ஆய்வின் பொருளும் எல்லையும்

ஏஏசி பிளாக் கொண்டு சுவர் கட்டும்போது கற்களை இணைக்க இரண்டு வழிகள் உள்ளன. சிமெண்டும் மணலும் கலந்த வழக்கமான கலவையை ஏறத்தாழ 10 மி.மீ தடிமனில் இடுவது ஒன்று. பையில் வரும் ஒட்டுக்கலவையைத் தண்ணீரில் குழைத்து, 3 மி.மீட்டருக்கு மேற்படாமல் இழுத்துப் பூசுவது மற்றொன்று. பின்னதைக் கட்டுமான இடங்களில் ‘ஜாயின்டிங் கெமிக்கல்’ என்பார்கள்.

இவ்விரண்டையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் வலிமையையோ விலையையோ பேசுகிறார்கள். இக்கட்டுரை சந்தின் தடிமனை மையமாகக் கொள்கிறது. கல்லின் அளவில் உள்ள பிழையை எந்த இடத்தில் ஈடுகட்டுவது என்பதே இரு முறைகளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு. சிமெண்ட் கலவை அந்தப் பிழையை ஒவ்வொரு சந்திலும் ஏற்றுக்கொள்ளும். ஒட்டுக்கலவையால் அது முடியாது. அதனால் பிழையைத் தொழிற்சாலையிலும், முதல் வரிசையின் அடிப் படுகையிலும், கருவிகளின் விளிம்பிலும் முன்கூட்டியே தீர்த்தாக வேண்டும். இதை உணராமல் கலவையை மட்டும் மாற்றினால் எதிர்பார்த்த பயன் கிடைக்காது.

ஆர்சிசி சட்டகத்துக்குள் அடைக்கும் சுவர்களே இங்கு ஆய்வுக்குரியவை. தமிழ்நாட்டின் அடுக்குமாடிக் கட்டடங்களில் ஏஏசி பிளாக் மிகுதியாகப் பயன்படுவது அங்கேதான்.

2. பிளாக்கின் இரண்டு இயல்புகள்

2.1 அளவு

சிமெண்ட், சுண்ணாம்பு, நிலக்கரிச் சாம்பல் அல்லது அரைத்த மணல் ஆகியவற்றின் கூழில் சிறிதளவு அலுமினியத் தூளைச் சேர்த்தால் ஹைட்ரஜன் வாயு உண்டாகிக் கூழ் பொங்கி எழும். அது ஓரளவு இறுகியதும், இழுத்துக் கட்டிய மெல்லிய எஃகுக் கம்பிகளால் அறுத்து, பிறகு உயரழுத்த நீராவிக் கலனில் வேக வைக்கிறார்கள். செங்கல்லைப் போல அச்சில் வார்த்துச் சூளையில் சுடும் பொருளன்று இது. ஆகவே ஏஏசி கல்லின் அளவுத் துல்லியம் அந்தக் கம்பிகளின் இழுவிசையைச் சார்ந்தது. கம்பி தளர்ந்தால் வெட்டு வளையும். ஒரே வண்டியில் வந்த கற்களின் உயரம்கூட வேறுபடும்.

இந்தியத் தரம் ஐஎஸ் 2185 பகுதி 3, நீளத்தில் ±5 மி.மீ, உயரத்திலும் அகலத்திலும் ±3 மி.மீ வரை விலகலை அனுமதிக்கிறது. ஐரோப்பியத் தரம் ஈஎன் 771-4, பயன்படுத்தும் கலவைக்கு ஏற்ப எல்லையைப் பிரிக்கிறது. மெல்லிய சந்துக்கான கற்களில் ஒரு வகைக்கு உயர விலகல் ±2 மி.மீ, அதைவிடத் துல்லியமான வகைக்கு ±1 மி.மீ. இந்தியத் தரத்தில் தேறிய கல் எல்லாமே ஒட்டுக்கலவைக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாததற்குக் காரணம் இங்கேயே இருக்கிறது. நான்காம் பிரிவில் இதை விரிவாகப் பார்ப்போம்.

2.2 உறிஞ்சுதல்

பொங்கியபோது உண்டான கண்ணறைகளுக்கு நடுவே உள்ள சுவர்களில் மிக நுண்ணிய துளைகள் உண்டு. ஈரமான கலவை மேலே பட்டதும் இவை நீரை உறிஞ்சத் தொடங்கும். செங்கல்லும் உறிஞ்சக்கூடியதே, அதனால்தான் கொத்தனார்கள் அதை ஊறவைத்துக் கட்டுகிறார்கள். அதே பழக்கத்தை ஏஏசி கல்லிலும் காட்டினால் கெடுதல் நேரும். ஊறிய கல் சுவரில் ஏறிய பிறகு மாதக்கணக்கில் உலர்ந்து சுருங்கும். இந்தியத் தரம் முதல் நிலைக் கல்லுக்கு 0.05 சதவீதமும், இரண்டாம் நிலைக் கல்லுக்கு 0.10 சதவீதமும் உலர்சுருக்கத்தை அனுமதிக்கிறது. 3 மீட்டர் நீளச் சுவரில் இது 1.5 முதல் 3 மி.மீ ஆகும். தூணோரத்தில் மயிரிழை விரிசல் விழுவதற்கு அதுவே போதும்.

நனைக்காவிட்டால் கலவையின் நீரைக் கல் குடித்துவிடும், நனைத்தால் கல்லே பின்னர் சுருங்கும் என்ற இந்த இக்கட்டுக்கு இரு கலவைகளும் வெவ்வேறு விடை தருகின்றன.

3. இரு கலவைகளின் உட்கூறு

3.1 சிமெண்ட் கலவையை மெலிதாக இட முடியாதது ஏன்?

‘மெல்லிய சந்துதான் நல்லது என்றால், 1:6 கலவையையே 3 மி.மீ தடிமனில் பூசினால் என்ன?’ என்று கட்டுமான இடத்தில் கேட்பார்கள். அதற்கு இரண்டு தடைகள் உள்ளன.

முதல் தடை மணலின் பருமன். கட்டுவேலை மணலில், ஆற்று மணலானாலும் எம் சாண்ட் ஆனாலும், 4.75 மி.மீ சல்லடையில் இறங்கும் குருணைகள் இருக்கும். 4 மி.மீ குருணை ஒன்று 3 மி.மீ சந்தில் மாட்டினால் கல் அந்தக் குருணையின் மேல் நிற்கும். சுற்றிலும் வெற்றிடம் இருக்கும். ஐரோப்பியத் தரம் ஈஎன் 998-2, மெல்லிய சந்துக் கலவையின் குருணை 2 மி.மீட்டருக்கு மேற்படக் கூடாது என்று வரையறுப்பது இதனால்தான்.

இரண்டாம் தடை நீர். 10 மி.மீ கலவைப் படுகையில், மேலும் கீழும் உள்ள கற்கள் ஓரளவு நீரை உறிஞ்சிய பிறகும் நடுப்பகுதியில் சிமெண்ட் இறுகுவதற்கு நீர் மிஞ்சும். 3 மி.மீ படுகையில் நடுப்பகுதி என்று சொல்ல எதுவுமில்லை. சில நிமிடங்களில் அது வறண்டுவிடும். சிமெண்ட் முழுதாக வினைபுரியாது. மறுநாள் விரலால் சுரண்டினால் மணலாக உதிரும்.

3.2 ஒட்டுக்கலவை இதைத் தீர்க்கும் விதம்

ஒட்டுக்கலவையிலும் சிமெண்டும் மணலுமே பெரும்பங்கு. மணல் நன்கு சலித்த, நுண்ணிய, காய்ந்த சிலிக்கா மணல். இவற்றோடு சிறு அளவில் சேரும் இரண்டு பொருள்கள்தான் கலவையின் தன்மையை மாற்றுகின்றன. ஒன்று செல்லுலோஸ் ஈதர். இது நீரைக் கொழகொழப்பாக்கி, கல்லின் துளைகளுக்குள் விரைந்து ஓடாமல் பிடித்துவைக்கும். மற்றொன்று நீரில் மீண்டும் பிரிந்து பரவும் பாலிமர் தூள். கலவை உலரும்போது இது நுண்ணிய படலமாகி, சிமெண்ட் பற்றையும் கல்லின் பரப்பையும் இணைக்கும்.

ஒட்டுக்கலவைக் கட்டுக்கு நாள்தோறும் தண்ணீர் விட வேண்டியதில்லை. இறுகுவதற்கான நீர் உள்ளேயே பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது. சிமெண்ட் கலவையில் கட்டிய சுவருக்கு ஏழு நாள் தண்ணீர் விடுவது வழக்கம். அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி போய்ச் சேருவது கல்லுக்குள்தான், 2.2இல் சொன்ன சுருக்கத்துக்கு அதுவே வித்தாகிறது.

இதே காரணத்தால், ஒட்டுக்கலவை மிகுதியாக வர வேண்டுமென்று அதில் மணலோ சிமெண்டோ சேர்ப்பது பெருந்தவறு. ஈதரின் விகிதம் குறைந்தவுடன் நீரைப் பிடிக்கும் ஆற்றல் போய்விடும். பெயரளவில் ஒட்டுக்கலவை, செயலில் மெலிந்த சிமெண்ட் கலவை என்று ஆகிவிடும்.

4. சந்தின் தடிமன்

4.1 விதியும் அதன் பொருளும்

ஐரோப்பியக் கட்டுவேலை நெறி ஈஎன் 1996-1-1, பொதுக் கலவையின் சந்து 6 முதல் 15 மி.மீ வரையும், மெல்லிய சந்து 0.5 முதல் 3 மி.மீ வரையும் இருக்கலாம் என்கிறது. இந்த இரண்டு இடைவெளிகளின் அகலமே இங்கு முக்கியம். பொதுக் கலவை ஒரு சந்தில் 9 மி.மீ வரை ஏற்ற இறக்கத்தைத் தாங்குகிறது. மெல்லிய சந்து தாங்குவது 2.5 மி.மீ மட்டுமே.

ஒரே வரிசையில் அடுத்தடுத்து இரண்டு கற்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்றின் உயரம் 198 மி.மீ, மற்றதன் உயரம் 202 மி.மீ. இரண்டும் இந்தியத் தர எல்லைக்குள் உள்ளவை. இவற்றின் மேல் ஒரே கல் குறுக்காக அமர வேண்டும். சிமெண்ட் கலவையில் ஒரு பக்கம் 12 மி.மீ, மறுபக்கம் 8 மி.மீ வைத்துக் கொத்தனார் கரண்டியால் சரிசெய்துவிடுவார். ஒட்டுக்கலவையில் உயர்ந்த கல்லின் மேல் 1 மி.மீ இருந்தால் தாழ்ந்த கல்லின் மேல் 5 மி.மீ தேவைப்படும். 3 மி.மீ சந்துக்கென இழுத்த கலவையால் அந்த இடைவெளியை நிரப்ப முடியாது. வெளியிலிருந்து பார்த்தால் சந்து மூடியது போலத் தெரியும். உள்ளே கல் ஒரு பக்கத்தில் மட்டும் அமர்ந்திருக்கும்.

அனுமதிக்கப்பட்ட எல்லையின் இரு முனைகளில், 197உம் 203உமாக, கற்கள் வந்து சேர்ந்தால் வேறுபாடு 6 மி.மீ ஆகிவிடும். அதை எந்த ஒட்டுக்கலவையாலும் ஈடுகட்ட இயலாது.

4.2 வண்டி வந்ததும் செய்ய வேண்டிய சோதனை

கல்லை இறக்கும்போதே பத்துக் கற்களை வெவ்வேறு அடுக்குகளிலிருந்து எடுத்து, சமமான தளத்தில் நெருக்கமாக நிற்க வைத்து, மேலே நேரான அலுமினிய மட்டப்பலகையை வைத்துப் பார்க்க வேண்டும். பலகைக்கும் தாழ்ந்த கல்லுக்கும் இடையே 2 மி.மீட்டருக்கு மேல் ஒளி தெரிந்தால், அந்தக் கற்களை உயரவாரியாகப் பிரித்து ஒவ்வொரு வரிசைக்கும் ஒரே உயரம் வருமாறு பயன்படுத்த வேண்டும். அல்லது தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். பத்தில் ஒன்றிரண்டு கல் மீறினால் தேய்ப்பது நடக்கக்கூடியது. பாதிக்கு மேல் மீறினால் அந்தக் கற்களைச் சிமெண்ட் கலவையில் கட்டுவதே முறை.

4.3 முதல் வரிசை

ஒட்டுக்கலவைச் சுவரிலும் சிமெண்ட் கலவைக்கு ஓர் இடம் உண்டு. ஆர்சிசி தளம் 3 மீட்டர் நீளத்தில் 10 மி.மீ வரை ஏறி இறங்குவது அரிதன்று. அந்த மேடுபள்ளத்தை 3 மி.மீ சந்து ஏற்காது. ஆகவே முதல் வரிசையை 1:4 சிமெண்ட் கலவையில்தான் அமர்த்த வேண்டும். டியூப் லெவல் கொண்டு தளத்தின் மிக உயர்ந்த புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கே குறைந்தது 10 மி.மீ படுகை வரும்படி மட்டம் குறித்துக்கொள்கிறார்கள். தாழ்ந்த இடங்களில் அது 20, 25 மி.மீ ஆகும். முதல் வரிசையை நீளவாக்கிலும் குறுக்கிலும் ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, இரவு முழுவதும் இறுக விட்டு, மறுநாள்தான் ஒட்டுக்கலவை வேலையைத் தொடங்க வேண்டும்.

இங்கே விட்ட 2 மி.மீ பிழையை மேலே எந்த வரிசையிலும் திருத்த முடியாது. சுவரின் உச்சிவரை அது அப்படியே ஏறும். சிமெண்ட் கலவைக் கட்டில் கொத்தனாரின் திறமை எல்லா வரிசைகளிலும் பரவியிருக்கும். ஒட்டுக்கலவைக் கட்டில் அதன் பெரும்பங்கு முதல் வரிசையிலேயே செலவாகிவிடும்.

5. கருவிகளும் செயல்முறையும்

5.1 கரண்டிக்குப் பதில் பல் கரண்டி

சிமெண்ட் கலவையைப் பாண்டில் கொண்டுவந்து கரண்டியால் அள்ளிப் போட்டு, பரப்பி, கல்லை வைத்து, கரண்டிக் கைப்பிடியால் தட்டி மட்டத்துக்குக் கொண்டுவருகிறார்கள். சந்து எவ்வளவு என்பதைக் கண்ணும் நூலும் தீர்மானிக்கின்றன.

ஒட்டுக்கலவையில் அதைக் கருவி தீர்மானிக்கிறது. சுவரின் அகலத்துக்குச் சமமான அகலமுள்ள, முன்விளிம்பில் பற்கள் வெட்டிய அகப்பை போன்ற கரண்டி இதற்குத் தேவை. பல்லும் இடைவெளியும் ஒரே அகலத்தில், 6 மி.மீ ஆழத்தில் இருந்தால், இழுத்த பின் 6 மி.மீ உயர வரப்புகளும் அதே அகல வெற்றுக் கோடுகளும் மாறிமாறி விழும். மேலே கல்லை வைத்து அழுத்தும்போது வரப்புகள் நசுங்கி வெற்றுக் கோடுகளில் பரவும். பாதி இடத்தில் இருந்த 6 மி.மீ, முழு இடத்திலும் 3 மி.மீ ஆகிறது. பற்கள் தேய்ந்து 4 மி.மீ ஆனால் சந்து 2 மி.மீ ஆகிவிடும், கல்லின் பிழையை ஏற்க இடம் போதாது. ஆகவே தேய்ந்த கரண்டியை மாற்றுவதும் தரக் கட்டுப்பாட்டில் அடங்கும்.

சாதாரணக் கரண்டியால் ஒட்டுக்கலவையைத் தடவினால் 6 முதல் 8 மி.மீ வரை அப்பிக்கொள்ளும். அத்தனை தடிமனுக்கு ஆன கலவை அன்று அது. உலரும்போது அதுவே சுருங்கி வெடிக்கும்.

5.2 பிற கருவிகள்

குழைப்பதற்கு மெதுவாகச் சுழலும் டிரில்லில் பொருத்திய துடுப்பு வேண்டும். கையால் குழைத்தால் ஈதர் கட்டிகட்டியாக நின்றுவிடும். வாளியில் முதலில் தண்ணீர், பிறகு தூள் என்பது வரிசை. தண்ணீர் தூளின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. துல்லியமான அளவு பையின் மேலேயே இருக்கும். சில நிமிடம் கலக்கி, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி கலக்க வேண்டும். இடையில் விடும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் ஈதர் முழுவதும் கரையும். பிறகு கெட்டியாகத் தோன்றினால் மேலும் தண்ணீர் ஊற்றக் கூடாது.

கல்லை வெட்டக் கடினப்பல் வைத்த கைரம்பமும் மூலைமட்டமும் தேவை. சிமெண்ட் கலவைக் கட்டில் கரண்டி விளிம்பால் கொத்திப் பிளந்த முகத்தையும் 10 மி.மீ சந்து மறைத்துவிடும், 3 மி.மீ சந்தில் அது மறையாது. மேடு தட்டத் தேய்ப்புப் பலகை, தட்டியதும் தேய்த்ததும் விட்டுச்சென்ற தூளை நீக்கத் தூரிகை, கல்லை அமர்த்த ரப்பர் சுத்தியல் ஆகியவை எஞ்சியவை. இவற்றில் கொத்தனார்கள் எளிதில் விட்டுவிடுவது தூரிகையைத்தான். தூள் மீது ஒட்டிய கலவை தூளோடுதான் ஒட்டுமே தவிர கல்லோடு ஒட்டாது.

5.3 கல் வைக்கும் வரிசை

முந்தைய வரிசையின் மேற்பரப்பைத் தூரிகையால் துடைக்க வேண்டும். கடும் வெயிலில் பரப்பு சுட்டால் ஈரத் தூரிகையால் ஒருமுறை தடவலாம். தண்ணீர் ஊற்றக் கூடாது. ஏற்கெனவே வைத்த கல்லின் தலைமுகத்தில் நிமிர்சந்துக்கான கலவையை முதலில் இழுத்து, பிறகு படுகைக் கலவையை இரண்டு மூன்று கல் நீளத்துக்கு மட்டும் இழுக்க வேண்டும். அதற்கு மேல் இழுத்தால், கல் வந்து சேருவதற்குள் மேல் தோல் காய்ந்துவிடும். கல்லை மேலிருந்து இறக்கி, தலைமுகத்தோடு நெருக்கி, ரப்பர் சுத்தியலால் மேலும் பக்கமும் தட்டினால் போதும். சில நிமிடங்களுக்குப் பிறகு கல்லை அசைத்தால் பிடிமானம் அறுந்துபோகும். அப்போது கல்லை எடுத்து, இரு முகங்களையும் சுரண்டி, புதுக் கலவை இட்டு வைப்பதே வழி. வெளியே பிதுங்கியதை உடனே தேய்க்காமல், சற்று இறுகிய பின் கரண்டி விளிம்பால் சீவி எடுக்க வேண்டும்.

6. ஒரு சுவரின் கணக்கு

தளத்திலிருந்து தளத்துக்கு 3,050 மி.மீ, பீமின் ஆழம் 375 மி.மீ, எனவே சுவருக்குக் கிடைக்கும் உயரம் 2,675 மி.மீ. இரு தூண்களுக்கு நடுவே 3,000 மி.மீ. கதவு, ஜன்னல், குறுக்குப் பட்டை எதுவுமில்லை. கல் 600 × 200 × 150 மி.மீ. சுவர்ப் பரப்பு ஏறத்தாழ 8 சதுர மீட்டர்.

உயரவாக்கில், ஒட்டுக்கலவை முறையில் அடிப்படுகை 20 மி.மீ, பதின்மூன்று வரிசைக் கல் 2,600 மி.மீ, இடையே பன்னிரண்டு சந்துகள் 36 மி.மீ, ஆக 2,656 மி.மீ. பீமுக்குக் கீழே 19 மி.மீ இடைவெளி மிஞ்சும். கெட்டியாக அடைக்காமல் நெகிழும் பொருளால் நிரப்ப அது ஏற்ற அளவு. 10 மி.மீ சந்தில் அடிப்படுகையோடு பன்னிரண்டு வரிசை 2,520 மி.மீ ஆகும். மீதி 155 மி.மீட்டருக்குக் கல்லை நீளவாக்கில் அறுத்து ஒரு வரிசை வைக்க வேண்டிவரும். இந்த உயரத்தில் மெல்லிய சந்து பொருந்தியது தற்செயல். வேறு உயரத்தில் நிலைமை தலைகீழாகலாம். ஆகவே வரிசைக் கணக்கை வரைபடத்திலேயே போட்டுப் பார்ப்பது நல்லது.

| | சிமெண்ட் கலவை, 10 மி.மீ | ஒட்டுக்கலவை, 3 மி.மீ |
|---|---|---|
| தேவையான கல் | 63 | 66 |
| சுவர் முகத்தில் சந்தின் பங்கு | 6.3 சதவீதம் | 2 சதவீதம் |
| ஈரக் கலவை | 76 லிட்டர் | 24 லிட்டர் |
| வாங்க வேண்டிய பொருள் (சேதாரத்துடன்) | சிமெண்ட் 24 கிலோ, மணல் 100 லிட்டர் | தூள் 35 கிலோ |

அரை மூட்டை சிமெண்டும் ஏறத்தாழ மூன்றரைக் கன அடி மணலும் ஒரு பக்கம். ஒரு 40 கிலோ பையும் கூடுதலாக மூன்று கல்லும் மறுபக்கம். பொருள் விலையை மட்டும் பார்த்தால் ஒட்டுக்கலவை மலிவு என்று பொதுவாகச் சொல்ல இயலாது. மணல் சலித்துக் கலந்து மாடிக்கு ஏற்றும் சித்தாள் கூலி, ஏழு நாள் தண்ணீர், ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றரை மீட்டர் உயரத்தோடு நிறுத்த வேண்டிய தாமதம் ஆகியவற்றைச் சேர்த்தால்தான் கணக்கு முழுமையாகும். மேலே மேலே போகும் மாடிகளில் இந்தக் கூறுகளின் எடை கூடும்.

இந்தக் கணக்கில் இன்னொரு பயனும் உண்டு. சந்து சராசரியாக 6 மி.மீ ஆகிவிட்டால் இதே சுவருக்கு 47 லிட்டர் கலவை, அதாவது சேதாரம் சேர்க்காமலே 60 கிலோவுக்கு மேல் தூள் தேவைப்படும். எனவே ஒரு சுவருக்கு எத்தனை பை தீர்ந்தது என்பதை மேஸ்திரி குறித்துவைத்தால், சுவரை உடைக்காமலே சந்தின் தடிமனை அறியலாம். பை இரட்டிப்பாகத் தீர்ந்தால் கல் கோணலாக இருக்கிறது, அல்லது பல் கரண்டி பயன்படவில்லை என்று பொருள்.

7. சுவரின் நடத்தையில் வேறுபாடு

7.1 வலிமை

ஈஎன் 1996-1-1 நெறியின் சூத்திரங்களில், கல்லின் வலிமை ஒரு சதுர மி.மீட்டருக்கு 3 நியூட்டன் எனக் கொண்டு பார்ப்போம். 2.5 வலிமையுள்ள பொதுக் கலவையில் சுவரின் அமுக்க வலிமை 1.56 நியூட்டன், 5 வலிமையுள்ள கலவையில் 1.92, மெல்லிய சந்தில் 2.04. வேறுபாடு இருக்கிறது, ஆனால் விளம்பரங்கள் சொல்லுமளவுக்குப் பெரிதன்று. மெலிந்த சிமெண்ட் கலவையோடு ஒப்பிட்டால்தான் அது குறிப்பிடத்தக்கதாகிறது.

வழுக்கு விசையில் நிலை வேறு. அழுத்தமில்லாத நிலையில் ஏஏசி சந்தின் தொடக்க வழுக்கு வலிமையாக அந்நெறி மேற்சொன்ன பொதுக் கலவைகளுக்கு 0.15 நியூட்டனும், மெல்லிய சந்துக்கு 0.30 நியூட்டனும் தருகிறது. இது சரியாக இருமடங்கு. சட்டகத்துக்குள் அடைத்த சுவர் மேற்பாரத்தைத் தாங்குவதில்லை. சட்டகத்தின் அசைவையும் பக்கவாட்டுக் காற்றையும்தான் எதிர்கொள்கிறது. எனவே இத்தகைய சுவருக்குப் பொருளுள்ள ஒப்பீடு இந்த இரண்டாவதுதான்.

7.2 வெப்பம்

இந்தியத் தரத்தின்படி 551–650 கிலோ அடர்த்தியுள்ள கல்லின் வெப்பக் கடத்துமைக்கு உச்ச எல்லை 0.24. கலவையின் கடத்துமை 0.9 எனக் கொண்டால், 6.3 சதவீதச் சந்துகள் சுவரின் கடத்துமையைக் கல்லைவிட ஏறத்தாழ 17 சதவீதம் உயர்த்தும். 2 சதவீதச் சந்துகள் 5 சதவீத அளவுக்கே உயர்த்தும். வெயிலைத் தடுக்க ஏஏசி கல்லைத் தேர்ந்தவர் அந்தப் பயனில் ஒரு பகுதியைத் தடித்த சந்துகள் வழியே இழக்கிறார்.

7.3 விரிசல்

1:3, 1:4 போன்ற கடினமான கலவையில் ஏஏசி கல்லைக் கட்டினால் சந்து கல்லைவிட வலுவாகிவிடும். சுவர் சுருங்கும்போது சந்து விட்டுக்கொடுக்காததால் கல்லே பிளக்கும். சுவர்களுக்கு 1:6 போன்ற மெலிந்த கலவையோ சுண்ணாம்பு சேர்ந்த கலவையோ பரிந்துரைக்கப்படுவது இதனால்தான். அப்போது விரிசல் பல சந்துகளில் சிறிதுசிறிதாகப் பிரிந்துவிடும்.

ஒட்டுக்கலவைச் சுவரோ ஒரே பலகை போல இயங்கும். அசைவை உள்ளே பகிர்ந்துகொள்ள அதற்கு இடமில்லை. எனவே தூணோரத்தில் 10 மி.மீ அளவிலும் பீமுக்குக் கீழேயும் நெகிழும் இடைவெளி விடுவது இங்கு கட்டாயமாகிறது. அந்த இடைவெளியைக் கலவையால் கெட்டியாக அடைத்துவிட்டு, பிறகு தூணோரத்தில் நேர்க்கோடாக விரிசல் விழுந்ததென்று ஒட்டுக்கலவையைக் குறை கூறுவதில் பொருளில்லை.

8. குறைகளை இனங்காணும் முறை

வேலை நடக்கும்போதே செய்யக்கூடிய சோதனைகள் இரண்டு. இழுத்த கலவையை விரல் நுனியால் தொட்டால் விரலில் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் தோல் படிந்துவிட்டது. சுரண்டிவிட்டுப் புதிதாக இட வேண்டும். இரண்டாவது, வைத்து ஒரு நிமிடத்துக்குள் ஏதேனும் ஒரு கல்லைத் தூக்கிப் பார்ப்பது. இரு முகங்களிலும் வரப்புகள் நசுங்கி ஏறத்தாழ முழுப் பரப்பும் நனைந்திருந்தால் சரி. வரப்புகள் உருக்குலையாமல் நின்றால் சுத்தியல் போதவில்லை. ஒரு பாதியில் மட்டும் நசுங்கியிருந்தால் கீழ் வரிசையில் உயர வேறுபாடு இருக்கிறது.

சுவர் எழுந்த பிறகு, இரவில் ஒரு பக்கம் விளக்கைப் பிடித்து மறுபக்கம் பார்த்தால் நிரப்பாத நிமிர்சந்துகள் ஒளி வழியே தெரியும். ‘பக்கத்தில் கலவை தேவையில்லை, நெருக்கி வைத்தால் போதும்’ என்று விட்டவை இவை. பூச்சு வேலைக்குப் பின் மழைநீரும் ஒலியும் இவ்வழியேதான் வரும்.

பூச்சின் மேல் தோன்றும் விரிசலின் வடிவமும் காரணத்தைக் காட்டும். படிக்கட்டு போலச் சந்துகளைத் தொடர்ந்து ஏறினால் ஒட்டு குறைவு: தூள், தோல் படிந்த கலவை, நிரப்பாத சந்து ஆகியவற்றில் ஒன்று. கல்லைக் குறுக்கே பிளந்து சென்றால் சந்து கடினம், அல்லது கல் ஈரமாக ஏறியிருக்கிறது. தூணையும் பீமையும் ஒட்டி நேர்க்கோடாக வந்தால் இடைவெளி விடவில்லை. இம்மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு. மூன்றையும் ஒரே பட்டி பூசி மறைத்தால் அடுத்த கோடையில் திரும்ப வரும்.

9. ஒட்டுக்கலவையின் எல்லைகள்

3 மி.மீ சந்துக்குள் 6 அல்லது 8 மி.மீ கம்பியைப் படுக்க வைக்க இயலாது. தூணோடு சுவரைக் கட்ட மெல்லிய தகட்டுப் பட்டைகளை வளைத்து ஆணியடிக்கலாம். கம்பிதான் வேண்டுமென்றால் கல்லின் மேல்முகத்தில் காடி வெட்டி, அதற்குள் கம்பியை வைத்துக் கலவையால் நிரப்ப வேண்டும். நீளமான சுவர்களில் இடையிடையே ஆர்சிசி பட்டை போடும்போது, பட்டையின் மேல்மட்டம் மீண்டும் சீரற்றதாகிவிடும். பட்டைக்கு மேல் வரும் வரிசையையும் முதல் வரிசை போலவே சிமெண்ட் கலவையில் அமர்த்த வேண்டும்.

மூலை உடைந்த கற்கள், வளைந்த சுவர்கள், பழைய செங்கல் சுவரோடு சேரும் இடங்கள் ஆகியவற்றிலும் தடித்த சந்தே பயன்படும். அளவு சீரில்லாத கற்களைத் தவிர்க்க முடியாத சிறு வேலைகளில், 1:6 கலவையில் 10 மி.மீ சந்து வைத்து, கல்லின் ஒட்டும் முகத்தை மட்டும் லேசாக ஈரப்படுத்திக் கட்டுவதில் தவறில்லை. தரங்கெட்ட மெல்லிய சந்தைவிட முறையான தடித்த சந்து மேலானது.

10. முடிவுகள்

இந்த ஒப்பாய்வு மூன்று முடிவுகளைத் தருகிறது. முதலாவது, ஒட்டுக்கலவையின் மேன்மை அதன் அமுக்க வலிமையில் பெரிதாக இல்லை. வழுக்கு எதிர்ப்பு, குறைந்த வெப்பக் கசிவு, கல்லை நனைக்காமல் கட்டும் வசதி ஆகிய மூன்றில் இருக்கிறது. இரண்டாவது, அந்த மேன்மை சந்து 3 மி.மீட்டருக்குள் நிற்கும்வரைதான், 6 மி.மீ ஆனதும் செலவு இரட்டிப்பாகி, கலவையே விரிசலுக்குக் காரணமாகிறது. மூன்றாவது, சந்தை 3 மி.மீட்டருக்குள் நிறுத்துவது கலவையின் கையில் இல்லை. கல்லின் உயர வேறுபாடு 2 மி.மீட்டருக்குள் இருப்பதும், முதல் வரிசை மட்டமாக அமர்வதும், பல் கரண்டி தேயாமல் இருப்பதுமே அதை நிறுத்துகின்றன.

எனவே எந்தக் கலவை என்ற முடிவை, ஒட்டுக்கலவையின் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன், பத்துக் கல்லின் மேல் வைத்த மட்டப்பலகையைப் பார்த்து எடுக்க வேண்டும். கொள்முதல் ஒப்பந்தத்தில் ஐஎஸ் 2185இன் பெயரை மட்டும் எழுதுவது போதாது. மெல்லிய சந்தில் கட்டப்போகும் கல்லுக்கு உயர விலகல் ±1 மி.மீ என்று தனியாக எழுதிக் கேட்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாதபோது, மீறி வந்த கல்லைத் திருப்பி அனுப்ப வாங்குபவருக்கு ஆதாரம் ஏதுமில்லை. அந்தப் பிழையின் செலவு கூடுதல் பைகளாகவும் தேய்ப்புக் கூலியாகவும் அவர் கணக்கிலேயே ஏறும்.